மாதாந்திர இருப்புக் கடிதம் தாமதமானால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

கணக்கு மேசை, மே 6, காலை

நான் கணக்குப் பார்க்கும் வணிக நிறுவனத்துக்கு ஸ்டாக் த்ரூபுட் பாலிசி இருக்கிறது. சரக்கு கப்பலேறுவதில் தொடங்கி, எங்கள் மூன்று கிடங்குகளில் தங்கி, வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும் வரை எல்லாம் ஒரே பாலிசிக்குள். மாதக் கடைசி நாளில் எந்தக் கிடங்கில் எவ்வளவு மதிப்புள்ள சரக்கு இருந்தது என்று அடுத்த 30 நாட்களுக்குள் கடிதம் கொடுக்க வேண்டும்.

ஜனவரிக் கடிதம் போய்விட்டது. பிப்ரவரியும் மார்ச்சும் தட்டச்சாகி முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன, அவர் பயணத்தில் இருக்கிறார். புரோக்கர் அலுவலகத்தில் கேட்டேன். "ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிபார்க்கும்போது சேர்த்துக் கொடுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார்கள். அது சரியா? தாமதத்துக்கு அபராதம் மாதிரி ஏதாவது உண்டா? இதுவரை எங்களுக்கு எந்தச் சேதமும் ஏற்படவில்லை.

கடன் ஆலோசகர், மே 6, காலை

அபராத வட்டி உண்டு. இருப்புப் பட்டியல் தேதிக்குள் வராவிட்டால் வங்கி, கடன் வரம்பைப் பழைய பட்டியலின்படியே வைத்திருக்கும், கூடுதல் வட்டியும் போடும். மேலாளரைப் பார்த்து ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கணக்கு மேசை, மே 6, மதியம்

நன்றி சார். ஆனால் நான் கேட்டது வங்கிக்குப் போகும் பட்டியலைப் பற்றி அல்ல. காப்பீட்டாளருக்குப் போகும் கடிதம் பற்றி.

பழைய சர்வேயர், மே 6, மாலை

"ஆண்டு முடிவில் சேர்த்துக் கொடுங்கள்" என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் தீப்பிடித்த கிடங்கின் வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறேன். இழப்பு மதிப்பீட்டு வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்மா, முதலில் அந்த இரண்டு கடிதங்களையும் இன்றே அனுப்பிவிடுங்கள். முதலாளி திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். மின்னஞ்சலில் அவர் சம்மதம் வாங்கி, அதிகாரம் பெற்ற வேறு யாராவது கையெழுத்திட்டாலும் போதும். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தாமதத்துக்கு என்ன விலை என்பதற்கு எல்லா பாலிசிக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. உங்கள் பாலிசியில் "கடிதம் கொடுக்க வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் அடிக்கடி பார்த்தவை மூன்று வகை.

ஒரு வகையில், கடிதம் வராத மாதத்துக்கு முழு வரம்பு அளவுக்கும் சரக்கு இருந்ததாக வைத்துக்கொண்டு பிரீமியம் போடுவார்கள். அங்கே பிரீமியம்தான் கூடும், கிளெய்முக்குப் பாதிப்பில்லை. உங்கள் புரோக்கர் மனதில் இருப்பது இந்த வகையாக இருக்கலாம்.

இரண்டாவது வகையில், கடிதம் உரிய தேதியில் வராமல் இருக்கும்போது சேதம் நடந்தால், அந்தக் கிடங்குக்குக் கடைசியாக நீங்கள் அறிவித்த தொகைக்கு மேல் தர மாட்டார்கள். இதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

மூன்றாவதில், கடிதம் கொடுப்பதையே இழப்பீட்டுப் பொறுப்புக்கு முன்நிபந்தனையாக எழுதிவிடுவார்கள். அது இருந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

பழைய சர்வேயர், மே 7, காலை

இரண்டாவது வகைக்கு நான் கையாண்ட ஒரு கோப்பைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி தொகைகளை மாற்றியிருக்கிறேன், விகிதம் மாறவில்லை. நாணயத்தின் பெயர் வேண்டாம், வெறும் கோடிக் கணக்கில் எழுதுகிறேன்.

ஒரு கிடங்கு, பாலிசியில் அதற்கு வரம்பு 8 கோடி. ஜூலை 31 இருப்பு 4.2 கோடி என்று கடிதம் போனது, அதுவும் தேதிக்குள். ஆகஸ்டில் பெரிய சரக்கு ஒன்று வந்திறங்கியது, 31ஆம் தேதி இருப்பு 6.3 கோடி. அந்தக் கடிதத்துக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அது போகவில்லை. அக்டோபர் 9 இரவு தீ. அன்றைக்கு உள்ளே இருந்தது 6.6 கோடிச் சரக்கு, எரிந்தும் நனைந்தும் வீணானது 5.4 கோடி.

வரம்பு 8 கோடி இருக்கிறதே, 5.4 முழுவதும் வரும் என்று வணிகர் நம்பினார். வந்தது 4.2. சேதத்தில் அவர் தானே ஏற்க வேண்டிய பங்கும் அதில் கழிந்தது. தாமதத்தால் மட்டும் கையை விட்டுப் போனது 1.2 கோடி.

இதில் தேதிகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அதே தீ செப்டம்பர் 20 அன்று பிடித்திருந்தால்? அப்போதும் காப்பீட்டாளரிடம் இருந்த கடைசிக் கடிதம் ஜூலை மாதத்தது, 4.2தான். ஆனால் ஆகஸ்ட் கடிதத்துக்குக் கெடு முடியவில்லை. தவறிய கடிதம் எதுவும் இல்லை என்பதால் அந்த உச்சவரம்பு வேலை செய்யாது, 5.4 முழுவதும் கிடைத்திருக்கும். சரி, ஆகஸ்ட் கடிதம் கெடு தாண்டி அக்டோபர் 3 அன்று போயிருந்தால்? தாமதம்தான், ஆனால் தீக்கு முன்னால் போய்விட்டது. கடைசியாக அறிவித்த தொகை 6.3 ஆகிவிடுகிறது, 5.4 அதற்குள் அடங்கும்.

ஆகவே தாமதம் என்பது நாளுக்கு நாள் ஏறும் அபராதம் அல்ல. கெடு முடிந்த நாளுக்கும் கடிதம் போய்ச் சேரும் நாளுக்கும் நடுவே ஒரு திறப்பு உண்டாகிறது. அந்தத் திறப்பில் எதுவும் நடக்காவிட்டால் செலவு பூஜ்யம். நடந்தால் பழைய கடிதத் தொகைக்கு மேல் போகும் சேதம் முழுவதும் உங்கள் தலையில். இன்றே அனுப்புங்கள் என்று நேற்று சொன்னது அதனால்தான்.

சட்டப் பிரிவு, மே 7, மதியம்

பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது சார். ஸ்டாக் த்ரூபுட் என்பது கடல்சார் சரக்குக் காப்பீட்டின் விரிவு. ஆங்கிலக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1906, பிரிவு 29 என்ன சொல்கிறது? அறிவிப்பில் விடுபட்டதையோ பிழையானதையோ, நல்லெண்ணத்தில் நேர்ந்திருந்தால், சேதம் நடந்த பிறகும் திருத்தலாம். கையெழுத்துக்குக் காத்திருந்தது நல்லெண்ணம் இல்லாமல் வேறென்ன? தீக்குப் பிறகு கடிதம் கொடுத்தாலும் செல்லும்.

பழைய சர்வேயர், மே 8, காலை

பிரிவு இருக்கிறது, நீங்கள் சொன்ன வாசகமும் உண்மை. அதை யாரிடம், எதற்காகக் காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

அந்தப் பிரிவு பேசுவது ஃப்ளோட்டிங் பாலிசியின் கீழ், அதாவது பொதுவாக எடுத்துவைத்து ஒவ்வொரு சரக்கையும் பின்னர் அறிவிக்கும் பாலிசியின் கீழ், அனுப்பப்படும் சரக்குகளைப் பற்றி. இந்தக் கப்பலில் இவ்வளவு ஏற்றினோம், சொல்ல விட்டுவிட்டோம் என்கிற நிலைமை அது. இந்த அம்மாவின் பாலிசியில் கப்பல் பயணத்தில் இருக்கும் பகுதிக்கு நீங்கள் சொல்வது நல்ல வாதம். ஆனால் மாதக் கடைசியில் கிடங்கில் கிடந்த இருப்பின் மதிப்பு, அனுப்பிய சரக்கு அல்ல. அதற்குப் பாலிசியிலேயே தனி வாசகம் இருக்கிறது, தவறினால் என்ன என்றும் அதே வாசகம் சொல்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய அந்த வரியைப் பொதுவான பிரிவைக் காட்டித் தாண்டுவது கடினம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். பாலிசி வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சேதமோ வந்துசேர்ந்த செய்தியோ தெரிந்த பிறகு மதிப்பை அறிவித்தால், அந்தச் சரக்குக்கு மதிப்பு ஒப்புக்கொள்ளாத பாலிசியாகவே அதைக் கருத வேண்டும். அப்போது பிரிவு 16 வருகிறது. வாங்கிய அடக்க விலை, ஏற்றுமதிச் செலவு, காப்பீட்டுக் கட்டணம், அவ்வளவுதான் மதிப்பு. எதிர்பார்த்த லாபத்துக்காக இன்வாய்ஸ் தொகைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு பாலிசியில் இருந்தால் அது போய்விடும். நல்லெண்ணத்தோடு தாமதமானாலும் ஒரு விலை உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

சட்டப் பிரிவு, மே 8, மதியம்

பயணத்தில் இருக்கும் சரக்குக்கும் கிடங்கிலிருக்கும் இருப்புக்கும் வேறுபாடு என்பதை ஏற்கிறேன். ஆனால் பல பாலிசிகளில் "தவறுகளும் விடுபடல்களும்" என்று ஒரு வாசகம் இருக்கும். தெரியாமல் விட்டதைத் தெரிந்தவுடன் சொன்னால் காப்பீட்டுக்குப் பாதகம் இல்லை என்று. அது இருப்புக் கடிதத்துக்கும் பொருந்தாதா?

பழைய சர்வேயர், மே 8, இரவு

பொருந்தலாம். இதில் நானே ஒரு பக்கமாகச் சாய மாட்டேன். தெரியாமல் விட்டது என்று காட்ட முடிந்தால் அந்த வாசகத்துக்கு உயிர் உண்டு. ஆனால் கடிதம் தயாராகி மேசையில் கிடந்தது என்றால் அது "தெரியாமல்" ஆகுமா என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கேட்கும். அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கிடங்கு மேலாளர், மே 9, காலை

எங்கள் இடத்தில் வேறு பிரச்சினை. கடிதம் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. ஆனால் மாதக் கடைசியில்தான் விற்பனைப் பிரிவு எல்லாவற்றையும் வெளியே தள்ளும். 12, 13ஆம் தேதி வாக்கில் கிடங்கு கூரை தொடும், 31ஆம் தேதி கால்வாசிதான் இருக்கும். நாங்கள் 31ஆம் தேதி எண்ணை அனுப்புகிறோம். 13ஆம் தேதி ஏதாவது ஆனால் எங்கள் கதி?

பழைய சர்வேயர், மே 9, மாலை

உங்கள் பாலிசி எந்த நாளின் மதிப்பைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. "மாதக் கடைசி நாளின் மதிப்பு" என்று கேட்டு, நீங்கள் அதையே நேர்மையாகவும் தேதிக்குள்ளும் கொடுத்திருந்தால், 13ஆம் தேதி சேதத்தை உங்கள் கடிதத் தொகை கட்டுப்படுத்தாது. கிடங்கு வரம்புதான் கட்டுப்படுத்தும். கூரை தொடும் அளவு அந்த வரம்புக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

"அந்த மாதத்தின் மிக உயர்ந்த மதிப்பு" என்று கேட்டிருந்தால், நீங்கள் ஒவ்வொரு மாதமும் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை இன்றே புரோக்கரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கணக்கு மேசை, மே 10, காலை

இரண்டு கடிதங்களும் ஆறாம் தேதி இரவே மின்னஞ்சலில் போய்விட்டன, முதலாளி தொலைபேசியில் சம்மதித்தார். பாலிசியையும் எடுத்துப் படித்தேன். எங்களுடையது நீங்கள் சொன்ன இரண்டாவது வகைதான், "கடைசியாக அறிவித்த தொகைக்கு மேல் இல்லை" என்று தெளிவாக இருக்கிறது. புரோக்கர் சொன்னது பிரீமியத்தைப் பற்றி மட்டும் என்று இப்போது புரிகிறது.

ஒரு சந்தேகம். சேதம் சின்னதாக இருந்தால்? கடைசிக் கடிதம் 3.2 கோடி, சேதம் 1 கோடி என்றால் தாமதத்தால் ஒன்றும் குறையாது அல்லவா?

பழைய சர்வேயர், மே 10, மாலை

தாமதத்தால் மட்டும் குறையாது. 3.2 என்பது உச்சவரம்பு, 1 கோடி அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த 3.2 எந்த விலையில் போட்டது என்று சொல்லுங்கள். வாங்கிய விலையிலா, விற்கும் விலையிலா?

கணக்கு மேசை, மே 10, இரவு

எங்கள் லெட்ஜர் வாங்கிய விலையில் இருக்கிறது. கடிதமும் அதிலிருந்துதான்.

பழைய சர்வேயர், மே 11, காலை

அப்படியானால் பாலிசியில் மதிப்பிடும் முறை என்ற பத்தியைப் பாருங்கள். ஸ்டாக் த்ரூபுட்டில் பல நேரம் விற்பனைக்குத் தயாரான சரக்குக்கு விற்பனை விலையையும், மூலப்பொருளுக்கு அடக்க விலையையும் வைப்பார்கள். வணிகரிடம் இருப்பது பெரும்பாலும் விற்பனைக்குத் தயாரான சரக்குதான்.

உங்களுடையதும் விற்பனை விலை என்று வைத்துக்கொள்வோம். லெட்ஜரில் 3.2 கோடியாக இருக்கும் சரக்கு விற்பனை விலையில் 4 கோடி. நீங்கள் அறிவித்தது உண்மையான மதிப்பில் 80 சதவீதம். முழு மதிப்பையும் அறிவிக்க வேண்டும் என்ற வாசகம் இருக்கிற பாலிசிகளில், அடுத்து வரும் சேதத்தில் அதே 80 சதவீதம்தான் தருவார்கள். 1 கோடிச் சேதத்துக்கு 80 லட்சம். சேதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்த வெட்டு விழும்.

தாமதம் பெரிய சேதத்தில் மட்டும் கடிக்கும், குறைத்துச் சொன்னது எல்லாச் சேதத்திலும் கடிக்கும். இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்து வருவதும் உண்டு. ஏனென்றால் கடிதத்தைக் கடைசி நேரத்தில் அவசரமாகப் போடுபவர்கள் லெட்ஜர் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் எளிது. சேதம் எதுவும் இல்லாத இப்போதே, மூன்று மாதத்துக்கும் திருத்திய கடிதம் கொடுங்கள். "மதிப்பு முறையைப் பாலிசிக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறோம்" என்ற ஒரு வரி போதும்.

கடன் ஆலோசகர், மே 11, மதியம்

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். ஆனால் வங்கிப் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. வங்கிக்கு 5 கோடி என்று காட்டிவிட்டு, காப்பீட்டாளருக்கு 3.2 என்று காட்டினால் யாராவது ஒப்பிட மாட்டார்களா?

பழைய சர்வேயர், மே 11, மாலை

ஒப்பிடுவார்கள். நான் கேட்கும் முதல் காகிதங்களில் அது ஒன்று. வங்கிக்குக் கொடுத்த பட்டியல், ஸ்டாக் லெட்ஜர், கிடங்கின் வரவு-வெளியேற்றப் பதிவு, காப்பீட்டாளருக்கான கடிதம், இந்த நான்கையும் ஒரே தேதிக்கு நேராக வைத்துப் பார்ப்போம். எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை, மதிப்பு முறை வேறாக இருக்கலாம். வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும். நல்ல கேள்வி கேட்டீர்கள்.

புரோக்கர் மேசை, மே 12, காலை

நான் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இங்கே பேசப்படும் அலுவலகம் அல்ல. எங்கள் மேல் கொஞ்சம் அதிகமாகவே பழி விழுகிறது. நாங்கள் ஒவ்வொரு மாதமும் நினைவூட்டுகிறோம், பதில் வருவதில்லை. முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதத்தைக் கிடங்குச் சரக்கோடு சேர்த்துக் காப்பீடு செய்யலாம், அவ்வளவு தேங்குகிறது.

இன்னொன்று, வாடிக்கையாளர் எங்களிடம் கடிதம் கொடுத்துவிட்டால் அது கொடுத்ததாகத்தான் கணக்கு. நாங்கள் மூன்று மாதக் கடிதங்களைச் சேர்த்து காப்பீட்டாளரின் அண்டர்ரைட்டருக்கு அனுப்புவோம். இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.

பழைய சர்வேயர், மே 12, இரவு

யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பது சேதம் வராத வரைக்கும்தான். புரோக்கர் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரின் முகவர். உங்கள் மேசையில் கடிதம் இருந்தால், சட்டப்படி அது இன்னும் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்கிறது என்று காப்பீட்டாளர் சொல்ல முடியும். அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள புரோக்கருக்கு அதிகாரம் உண்டு என்று பாலிசியிலோ தனி ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் நிலைமை மாறும். அப்படி எழுதியிருக்கிறதா?

புரோக்கர் மேசை, மே 13, காலை

சில கணக்குகளுக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சந்தை வழக்கம் என்று ஒன்று இருக்கிறது சார். பல ஆண்டுகளாகக் காலாண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்த அண்டர்ரைட்டர், தீப்பிடித்த பிறகு மாதக் கெடுவை எடுத்து நீட்டினால் அது எந்த நியாயம்?

பழைய சர்வேயர், மே 13, மாலை

நியாயமான வாதம், நானும் மதிக்கிறேன். நீண்ட காலம் தாமதத்தைப் பொறுத்துப் போனவர் திடீரென்று உரிமையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் ஆதாரத்தைப் பொறுத்து முடிவாவது. ஆனால் அந்த வாதத்தை நம்பி ஒரு வணிகர் தன் கடிதத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அதற்கான செலவும் காலமும் அவருடையது.

வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது, புரோக்கருக்கு அனுப்பும் அதே மின்னஞ்சலில் அண்டர்ரைட்டரின் அறிவிப்பு முகவரியையும் சேருங்கள். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வரும் வரை கோப்பை மூடாதீர்கள்.

கிடங்கு மேலாளர், மே 14, காலை

எங்கள் பாலிசி "மாதக் கடைசி நாள்" என்றுதான் கேட்கிறது. நிம்மதி. ஆனால் உச்ச இருப்பு எங்கள் வரம்பை நெருங்குகிறது, அதைப் பேசப் போகிறோம். அந்த முதல் வகைப் பாலிசியில் தாமதத்தால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று யாரும் கணக்குக் காட்டவில்லையே?

பழைய சர்வேயர், மே 14, மாலை

அதே 8 கோடி வரம்பை எடுத்துக்கொள்வோம். மாதச் சராசரி 5 கோடி, ஆண்டு விகிதம் 0.2 சதவீதம் என்றால் பிரீமியம் 1 லட்சம். இரண்டு மாதக் கடிதம் வராமல் அவற்றை 8 கோடியாக வைத்தால், பத்து மாதம் 5, இரண்டு மாதம் 8, சராசரி 5.5 ஆகும். பிரீமியம் 1 லட்சத்து 10 ஆயிரம். கூடுவது 10 ஆயிரம்.

மே 7 குறிப்பில் போன 1.2 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வகைப் பாலிசி என்று தெரியாமல் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது ஏன் என்னை இவ்வளவு கோபப்படுத்துகிறது என்று புரியும்.

கணக்கு மேசை, மே 16, காலை

திருத்திய கடிதங்களைத் தயாரித்தேன். மதிப்பு முறை விற்பனை விலைதான் என்று பாலிசியில் இருக்கிறது. அந்த முறையில் போட்டால் மார்ச் 31 அன்று முதல் கிடங்கின் இருப்பு 6.4 கோடி வருகிறது. அதற்குப் பாலிசி வரம்பு 6 கோடி! கடிதத்தில் 6.4 என்று எழுதிவிட்டால் வரம்பு தானாக உயருமா?

பழைய சர்வேயர், மே 16, காலை

உயராது. கடிதம் இருப்பைச் சொல்கிறது, வரம்பைப் பாலிசி சொல்கிறது. வரம்பை உயர்த்த எண்டார்ஸ்மென்ட் வேண்டும், அதற்கு அண்டர்ரைட்டர் சம்மதிக்க வேண்டும், கூடுதல் பிரீமியமும் கேட்பார். இன்றே கேளுங்கள்.

ஆனால் வரம்பு 6 என்பதற்காகக் கடிதத்தில் 6 என்று எழுதிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி 6.4 என்றே எழுதுங்கள். குறைத்து எழுதினால் முன்பு சொன்ன விகித வெட்டு வரலாம், அதைவிட முக்கியம், தெரிந்தே குறைத்ததாக ஆகிவிடும். எண்டார்ஸ்மென்ட் வரும் வரை முடிந்தால் கொஞ்சம் சரக்கை இரண்டாவது கிடங்குக்கு மாற்றுங்கள். அங்கே வரம்பில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கணக்கு மேசை, மே 16, மாலை

மாற்றலாம். ஒரு நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்று யாராவது காட்டினால் உதவியாக இருக்கும். எங்களுடையது ஒரே வரி, மொத்தத் தொகை மட்டும்.

பழைய சர்வேயர், மே 17, காலை

மொத்தத் தொகை மட்டும் போதாது. உச்சவரம்பு கிடங்கு வாரியாகப் பார்க்கப்படுவதால் கடிதமும் கிடங்கு வாரியாக வேண்டும். நான் விரும்பும் வடிவம் இது:

"பாலிசி எண் … கீழ் மார்ச் 31 இரவு வரையிலான இருப்பு அறிவிப்பு. மதிப்பு முறை: பாலிசியின்படி விற்பனை விலை. முதல் கிடங்கு: 6.4 கோடி. இரண்டாம் கிடங்கு: 1.9 கோடி. மூன்றாம் கிடங்கு: இருப்பு இல்லை. அன்று பயணத்தில் இருந்த சரக்கு இதில் சேரவில்லை, தனியாக அறிவிக்கப்படுகிறது. விற்று இன்வாய்ஸ் ஆகியும் எடுத்துச் செல்லாத சரக்கு முதல் கிடங்கில் 30 லட்சம், மேலே சேர்ந்துள்ளது. முதல் கிடங்கின் வரம்பை உயர்த்தும் கோரிக்கை தனிக் கடிதத்தில். பெற்றுக்கொண்டதற்குப் பதில் வேண்டுகிறோம்."

இதில் இரண்டு வரிகளைச் சொல்லியாக வேண்டும். காலியான கிடங்கையும் "இருப்பு இல்லை" என்று எழுதுங்கள், பெயரே இல்லாமல் விட்டால் அந்த இடம் அறிவிக்கப்படவில்லை என்ற பேச்சு பின்னால் வரும். அப்புறம், விற்றும் வெளியே போகாத சரக்கு. லெட்ஜரிலிருந்து அது கழிந்துவிடும், ஆனால் கிடங்கில் இருக்கும். பொறுப்பு உங்களிடம் இருக்கும் வரை உங்கள் பாலிசியில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு எழுதுங்கள்.

சட்டப் பிரிவு, மே 17, மாலை

அந்த 5.4 கோடிக் கோப்பைப் பற்றி ஒன்று. தானே ஏற்கும் பங்கை 5.4இல் கழித்துவிட்டு 4.2உடன் ஒப்பிட்டார்களா, அல்லது 4.2இலிருந்து கழித்தார்களா? முதல் முறையென்றால், பங்கு 20 லட்சமாக இருந்தாலும் 5.2 இன்னும் 4.2க்கு மேல், வணிகருக்கு 4.2 முழுவதும் வரும். இரண்டாவது முறையில் 4 கோடிதான்.

பழைய சர்வேயர், மே 17, இரவு

அந்தக் கோப்பில் இரண்டாவது முறை. நான் ஏற்கவில்லை, ஆனால் என் அறிக்கையில் இரண்டு கணக்கையும் காட்டினேன். வாசகம் வரிசையைச் சொல்லவில்லை. முதல் முறைதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன், காப்பீட்டாளர் தரப்பில் இருந்த என் நண்பர் ஒருவர் இன்றும் மறுக்கிறார்.

புரோக்கர் மேசை, மே 18, காலை

எங்கள் கணக்குகளைப் பார்த்தேன். அறிவிப்பைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் பாதிக்கும் குறைவானவற்றில்தான் எழுத்தில் இருக்கிறது. மற்றவற்றுக்கு இனி மாதா மாதம் அப்படியே அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். வழக்கம் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்கு மேசை, மே 27, மாலை

அண்டர்ரைட்டரிடமிருந்து பதில் வந்தது. திருத்திய கடிதங்களைப் பெற்றுக்கொண்டதாகவும், பிப்ரவரி, மார்ச் கடிதங்கள் கெடுவுக்குப் பின் வந்ததைக் குறித்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். வரம்பு 7.5 கோடியாக எண்டார்ஸ்மென்ட் ஆகிறது, கூடுதல் பிரீமியம் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும். "குறித்துக்கொண்டோம்" என்றால் என்ன பொருள் சார்?

பழைய சர்வேயர், மே 27, இரவு

அடுத்த முறை தாமதமானால் இதைப் பழக்கம் என்று காட்டுவதற்காக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இப்போதைக்கு அதனால் ஒன்றும் குறையாது. ஏப்ரல் கடிதத்துக்கு மே 30 கெடு, அதை நாளைக்கே அனுப்பிவிடுங்கள். முதலாளி ஊரில் இல்லாதபோது கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரக் கடிதம் வாங்கிப் பாலிசிக் கோப்பிலேயே வையுங்கள்.